டாலர் கடனா, ரூபாய்க் கடனா, இரண்டையும் மாற்றிக்கொள்வதா? ஓர் அரிசி ஆலையும் ஒரு நார்க்கழிவு ஏற்றுமதியும்

கும்பகோணத்தில் கணக்குத் தணிக்கை அலுவலகம் வைத்திருக்கும் எனக்கு, வெவ்வேறு மாதங்களில் இரண்டு பேரிடமிருந்து ஏறத்தாழ ஒரே கேள்வி வந்தது. முதலாமவர் நீடாமங்கலம் பக்கம் நவீன அரிசி ஆலை நடத்துகிறார். விற்பனை முழுவதும் உள்நாட்டில், ரூபாயில். நெல் உலர்த்தியும் சைலோ என்னும் இரும்புக் குதிர்களும் கட்ட அவருக்கு எட்டரைக் கோடி ரூபாய் தேவை. ஆலையில் கால் பங்குக்கு மேல் முதலீடு வைத்திருக்கும் சிங்கப்பூர் உறவினரின் நிறுவனம், பத்து லட்சம் டாலர் கடனாகத் தர முன்வந்திருக்கிறது. வட்டி குறைவு. ஆனால் டாலர் கடன்.

இரண்டாமவர் பேராவூரணிக்காரர். தென்னை நார்க்கழிவைக் கழுவி, காயவைத்து, கட்டிகளாக அழுத்தி ஏற்றுமதி செய்கிறார். வரவு முழுவதும் டாலர். வெளிநாட்டிலிருந்து இயந்திர வரிசை ஒன்றை இறக்குமதி செய்ய அவருக்குப் பத்து லட்சம் டாலர் தேவை. முப்பது ஆண்டுகளாகக் கணக்கு வைத்திருக்கும் வங்கி அவருக்கு ரூபாய்க் கடனைக் குறைந்த வட்டிக்குத் தரத் தயார். டாலர் கடன் என்றால் வட்டியைக் கூட்டிச் சொல்கிறது.

ஆக, ரூபாய் வேண்டியவருக்கு டாலர் மலிவாகக் கிடைக்கிறது, டாலர் வேண்டியவருக்கு ரூபாய் மலிவாகக் கிடைக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில்தான், ஒரு பணத்தில் வாங்கிய கடனை வேறு பணத்துக் கடனாக மாற்றிக்கொள்ளும் ‘கரன்சி ஸ்வாப்’ என்ற சொல்லை வங்கி மேலாளர்கள் மேசைமேல் வைப்பார்கள். இருவருடைய சம்மதத்தோடும், தொகைகளை உருண்டையாக்கி, அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன். டாலர் 85 ரூபாய், கடன் ஐந்து ஆண்டு, அசல் கடைசியில் ஒரே தவணையாகத் திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வட்டி விகிதங்கள் இவை:

| | டாலர் கடன் | ரூபாய்க் கடன் |
|---|---|---|
| அரிசி ஆலை | 6% | 10.5% |
| நார்க்கழிவு ஏற்றுமதி | 7% | 9.5% |

## எதை வைத்து அளப்பது

வட்டி விகிதத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். 6 என்ற எண்ணுக்கும் 10.5 என்ற எண்ணுக்கும் இடையில் இருப்பது லாபம் அல்ல. அதில் பெரும்பகுதி, ரூபாய் ஆண்டுதோறும் கொஞ்சம் தேயும் என்ற எதிர்பார்ப்பின் விலை. ஆகவே நான்கு கேள்விகளை முதலில் கேட்டுக்கொள்ளச் சொன்னேன்.

முதலாவது, வரவு எந்தப் பணத்தில் வருகிறதோ அந்தப் பணத்தில் கணக்கிட்டால் முழுச் செலவு எவ்வளவு? இரண்டாவது, ரூபாய் சரிந்தாலோ ஏறினாலோ அடி யார் தலையில் விழுகிறது? மூன்றாவது, கடன் முடிவதற்கு முன்பே, நடுவழியில் கையிலிருந்து ரொக்கம் கேட்கும் நாள் ஏதாவது உண்டா? நான்காவது, பாதியில் விலக வேண்டுமானால் என்ன விலை? கடைசி இரண்டும்தான் விளம்பரத் தாளில் இருக்காது. கடைகளை மூட வைத்தவை அநேகமாக அவை இரண்டும்தான்.

## வழி ஒன்று: தேவைப்படும் பணத்திலேயே நேராகக் கடன்

ஆலைக்காரர் தன் வங்கியில் ரூபாயில் 10.5 சதவீதத்துக்கு வாங்குகிறார். ஏற்றுமதியாளர் டாலரில் 7 சதவீதத்துக்கு வாங்குகிறார். ரூபாய் வரவுக்கு ரூபாய்க் கடன், டாலர் வரவுக்கு டாலர் கடன் என்பதால் செலாவணி அபாயம் இல்லை. நடுவில் யாரும் ரொக்கம் கேட்கப்போவதில்லை. முன்கூட்டியே அடைக்க விரும்பினால், ஒப்பந்தத்தில் இருக்கும் அபராதத்தைக் கட்டிவிட்டு அடைத்துவிடலாம்.

குறை என்று பார்த்தால் வட்டிதான். எவ்வளவு கூடுதல் என்பது கீழே ஸ்வாப் கணக்கில் தெரியும். ஆனால் இந்த வழியை ஓர் அடிக்கோடாக மனதில் வைத்திருங்கள். மற்ற மூன்று வழிகளும் இதைவிட எவ்வளவு மிச்சம் தருகின்றன, அந்த மிச்சத்துக்காக எதைக் கேட்கின்றன என்பதுதான் மொத்தக் கேள்வியும்.

## வழி இரண்டு: மலிவான கடனை வாங்கித் திறந்தபடி விடுவது

ஆலைக்காரரின் மைத்துனர் சொன்ன யோசனை இது. “6 சதவீதத்துக்குக் கிடைக்கிறது, வாங்கிப் போடுங்கள். டாலர் ஏறினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.”

2013 டிசம்பர் இறுதியில் ஒரு டாலர் ஏறத்தாழ 62 ரூபாய். 2023 டிசம்பர் இறுதியில் 83. பத்து ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 3 சதவீதம்தான் ஆகிறது. அப்படிப் பார்த்தால் டாலர் கடன் அவருக்கு ரூபாயில் 9 சதவீதத்துக்குச் சற்று மேலே போய் நிற்கும், 10.5-ஐவிடக் குறைவு. மைத்துனர் சொன்னதில் முழுத் தவறு இல்லை.

ஆனால் ரூபாய் ஆண்டுக்கு 3 சதவீதம் என்று வாய்க்கால் நீர்போல ஒரே சீராக இறங்குவதில்லை. 2013 மே தொடக்கத்தில் 54 ரூபாய் அளவில் இருந்த டாலர், அந்த ஆகஸ்ட் 28 அன்று 68-ஐத் தாண்டியது. நான்கே மாதம். அப்படி ஒரு மாதத்தில் அசல் திருப்பும் நாள் வந்து விழுந்தால் பத்தாண்டுச் சராசரி யாருக்கும் உதவாது. அரிசியின் லாப விளிம்போ மிக மெலியது. அசலில் கால் பங்கு கூடினால் தாங்கும் ஆலைகள் எங்கள் பக்கம் குறைவு.

ஏற்றுமதியாளருக்கு இதே வழி அவ்வளவு ஆபத்தாகத் தெரியவில்லை. அவர் ரூபாயில் வாங்கி, டாலராக மாற்றி இயந்திரத்துக்குக் கட்டிவிட்டு, பிறகு டாலரில் சம்பாதித்து ரூபாயில் அடைப்பார். ரூபாய் சரிந்தால் அவருக்கு ஆதாயம். ரூபாய் வலுத்தால்தான் சிரமம். அது நடக்காது என்று இல்லை, 2007-இல் டாலர் 40 ரூபாய்க்குக் கீழே போனது. ஆனால் அதன் வேகமும் அளவும் வேறு. ஒரே வழி இருவருக்கும் இரண்டு முகம் காட்டுவதை இங்கேயே கவனியுங்கள். பின்னால் இது இன்னும் தெளிவாக வரும்.

## வழி மூன்று: மலிவான கடன், ஆண்டுக்கு ஆண்டு ஃபார்வர்டு

ஃபார்வர்டு ஒப்பந்தம் எங்கள் பக்கத்து ஏற்றுமதியாளர்களுக்குப் பழகிய ஒன்று: இன்ன தேதியில் இன்ன விலைக்கு டாலர் வாங்குவேன், அல்லது விற்பேன் என்று வங்கியுடன் முன்பே பேசிக்கொள்வது. ஒரு ஆண்டுக்கான விலை இன்றைய விலையைவிட 3.5 சதவீதம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். ஆலைக்காரர் பத்து லட்சம் டாலரை ஓராண்டு கழித்து 88 ரூபாய்க்கு வாங்குவதாக ஒப்பந்தம் போடுகிறார். ஆண்டுச் செலவு ஏறத்தாழ 6-ம் 3.5-ம் சேர்ந்து 9.5, வங்கியின் சிறு விளிம்போடு 9.6. நான்கு வழிகளில் பாதுகாப்போடு கூடியவற்றுள் காகிதத்தில் மிக மலிவானது இதுதான்.

சிக்கல் ஓராண்டு முடியும் நாளில் இருக்கிறது. கடன் இன்னும் நான்கு ஆண்டு ஓட வேண்டும். அசலைத் திருப்பும் நாள் அது அல்ல. ஆகவே பழைய ஒப்பந்தத்தைத் தீர்த்துவிட்டுப் புதிதாக ஒன்று போட வேண்டும். தீர்ப்பது என்றால் ரொக்கம். அன்று டாலர் 93 என்றால் ஆலைக்கு 50 லட்சம் ரூபாய் வரும், மகிழ்ச்சி. டாலர் 82 என்றால் ஆலை 60 லட்சம் கட்ட வேண்டும். நீண்ட காலக் கணக்கில் இது நஷ்டம் அல்ல; அவருடைய கடன் சுமையும் அதே அளவு குறைந்திருக்கிறது. ஆனால் அந்தக் குறைவு ஐந்தாம் ஆண்டில்தான் கைக்கு வரும். 60 லட்சம் நாளை வேண்டும். சம்பா அறுவடைக் காலத்தில், நெல் கொள்முதலுக்கு ஒவ்வொரு ரூபாயும் தேவைப்படும் நேரத்தில் இது வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும்.

இன்னொன்று: இந்த ஆண்டு 3.5 என்பது அடுத்த ஆண்டு 2 ஆகலாம், 6 ஆகலாம். டாலரின் விலையைப் பூட்டிவிட்டு, அந்தப் பூட்டின் வாடகையைத் திறந்து விட்டிருக்கிறோம்.

ஓராண்டு, இரண்டாண்டுத் தேவைக்கு ஃபார்வர்டே போதும். அதற்கு மேல் எதுவும் தேடாதீர்கள். ஐந்தாண்டுக் கடனுக்கு, ஆண்டு நடுவில் ஐம்பது அறுபது லட்சம் புரட்டக்கூடிய இருப்பு உள்ளவர் மட்டும் இதைத் தொடலாம்.

## வழி நான்கு: ஸ்வாப்

இதைப் புரிந்துகொள்ள டெல்டாக்காரர்களுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. ஒத்திக்கு வீடு விட்டவர்கள் நாம். ஐந்து லட்சம் வாங்கிக்கொண்டு வீட்டைக் கொடுக்கிறோம். மூன்று ஆண்டு கழித்து அதே ஐந்து லட்சத்தைத் திருப்பிக் கொடுத்து அதே வீட்டைத் திரும்பப் பெறுகிறோம். இடையில் வீட்டின் விலை இரட்டிப்பானாலும் ஒத்தித் தொகை மாறாது. ஸ்வாப்பிலும் அப்படித்தான்: தொடக்கத்தில் பத்து லட்சம் டாலரும் எட்டரைக் கோடி ரூபாயும் கைமாறுகின்றன, முடிவில் அதே பத்து லட்சமும் அதே எட்டரைக் கோடியும் திரும்புகின்றன. அன்று சந்தையில் டாலர் என்ன விலை என்று யாரும் கேட்பதில்லை. ஒரே வேறுபாடு, ஒத்தியில் வாடகையும் வட்டியும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்வாப்பில் இரண்டு வட்டியும் உண்மையாகவே கைமாறும்.

“அப்படியானால் நாங்கள் இருவரும் நேராக மாற்றிக்கொள்கிறோமே, வங்கி எதற்கு?” என்று பேராவூரணிக்காரர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. பதில் சட்டத்தில் இருக்கிறது: 1999-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, அங்கீகாரம் பெற்றவரிடம் அல்லாமல் மற்றவரிடம் அந்நியச் செலாவணியைக் கொடுக்கவோ வாங்கவோ பொது அனுமதி இல்லை. ஒருவர் டாலரை மற்றவர் கையில் நேராகக் கொடுக்க முடியாது. சட்டம் விட்டாலும் நான் விடமாட்டேன். ஐந்தாண்டில் ஒருவர் நொடித்துப் போனால் மற்றவர் நடுத்தெருவில் நிற்பார். 1981-இல் உலக வங்கியும் ஐபிஎம் நிறுவனமும் செய்துகொண்ட ஸ்வாப்பைத்தான் இந்தத் துறையின் முதல் பெரிய ஒப்பந்தம் என்பார்கள். ஐபிஎம்மின் சுவிஸ் ஃபிராங்க், ஜெர்மன் மார்க் கடன் தவணைகளை உலக வங்கி ஏற்றுக்கொண்டது. உலக வங்கியின் டாலர் தவணைகளை ஐபிஎம் ஏற்றது. அங்கே இரு பக்கமும் மலை போன்ற நிறுவனங்கள். இங்கே அப்படி இல்லை. ஆகவே நடுவில் வங்கி நிற்கும். ஆலையோடு ஓர் ஒப்பந்தம், ஏற்றுமதியாளரோடு ஓர் ஒப்பந்தம். ஒருவர் தவறினாலும் மற்றவருக்கு வங்கி கொடுத்தே ஆக வேண்டும்.

இனிக் கணக்கு. இருவரும் தங்களுக்குத் தேவையான பணத்தில் நேராக வாங்கினால் வட்டிகளின் கூட்டு 10.5-ம் 7-ம், 17.5. மலிவான கடன்களை வாங்கினால் 6-ம் 9.5-ம், 15.5. மிச்சம் 2 சதவீதம். இதில் வங்கி 0.6 எடுத்துக்கொள்கிறது, மீதியில் ஆளுக்கு 0.7.

முதல் நாள்: ஆலைக்காரர் சிங்கப்பூரிலிருந்து வந்த பத்து லட்சம் டாலரை வங்கியிடம் கொடுத்து எட்டரைக் கோடி ரூபாய் பெறுகிறார். ஏற்றுமதியாளர் தன் ரூபாய்க் கடனான எட்டரைக் கோடியைக் கொடுத்துப் பத்து லட்சம் டாலர் பெற்று இயந்திரத்துக்கு அனுப்புகிறார்.

ஆண்டுதோறும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாதிப் பாதியாக: ஆலை வங்கிக்கு 9.8 சதவீதம், அதாவது 83.3 லட்சம் ரூபாய் கொடுக்கும். வங்கி ஆலைக்கு 60,000 டாலர் கொடுக்கும்; அது அப்படியே சிங்கப்பூருக்கு வட்டியாகப் போகும். மறுபக்கம், ஏற்றுமதியாளர் 6.3 சதவீதம், 63,000 டாலர் வங்கிக்குக் கொடுத்து, 80.75 லட்சம் ரூபாய் பெற்றுத் தனக்குக் கடன் தந்த வங்கிக்குக் கட்டுவார். வங்கியின் கையில் நிற்பது 2.55 லட்சம் ரூபாயும் 3,000 டாலரும்.

கடைசி நாள்: ஆலை எட்டரைக் கோடியைக் கொடுத்துப் பத்து லட்சம் டாலரைத் திரும்பப் பெற்று உறவினருக்கு அனுப்பும். ஏற்றுமதியாளர் தன் ஏற்றுமதி வரவிலிருந்து பத்து லட்சம் டாலர் கொடுத்து எட்டரைக் கோடி பெற்று வங்கிக் கடனை அடைப்பார்.

ஆலைக்கு மிச்சம் ஆண்டுக்கு 5.95 லட்சம் ரூபாய், ஏற்றுமதியாளருக்கு 7,000 டாலர். ஐந்தாண்டும் செலவு முன்கூட்டியே தெரியும். டாலர் 100 ஆனாலும் ஆலை எட்டரைக் கோடிதான் கொடுக்கும். திறந்து விட்டிருந்தால் பத்துக் கோடி கொடுத்திருக்கும். டாலர் 78-க்கு இறங்கினால் ஆலைக்காரர் 70 லட்சத்தை விட்டுவிட்டோமே என்று புழுங்குவார். அந்தப் புழுக்கத்தைத் தாங்க மாட்டார் என்றால் ஸ்வாப்பே வேண்டாம்.

### மறைந்திருக்கும் செலவு

இங்கேதான் இருவரின் பாதையும் பிரிகிறது.

வங்கி ஒவ்வொரு நாளும் ஸ்வாப்பின் அன்றைய மதிப்பைக் கணக்கிடும். மூன்றாம் ஆண்டு டாலர் 95 ஆகிவிட்டது, வட்டி விகிதங்கள் மாறவில்லை என்று வையுங்கள். ஏற்றுமதியாளர் தர வேண்டிய டாலர் பக்கம் ஒன்பதரைக் கோடி மதிப்பு; பெற வேண்டிய ரூபாய்ப் பக்கம் எட்டரைக் கோடி. வங்கியின் புத்தகத்தில் அவர் ஒரு கோடி ரூபாய் பாக்கிக்காரர். ஒப்பந்தத்தில் ஈட்டு நிபந்தனை இருந்தால் அந்த ஒரு கோடிக்கு வைப்புத்தொகை வைக்கச் சொல்வார்கள்; இல்லாவிட்டால் அவருடைய கடன் வரம்பில் அவ்வளவையும் பிடித்துவைப்பார்கள். ஏற்றுமதிக்கு முன்பணக் கடன் வாங்கும் வரம்பு சுருங்கும். அவருடைய டாலர் வரவும் 95 விலையில் கூடியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது மாதாமாதம் சொட்டுச்சொட்டாக வரும். ஈடு ஒரே நாளில் கேட்கப்படும்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. டாலர் 95 ஆவதற்கு எந்த நெருக்கடியும் வர வேண்டியதில்லை. ஆண்டுக்கு 3.5 சதவீதம் என்று சந்தை ஏற்கெனவே போட்டுவைத்த கணக்குப்படியே போனால், மூன்று ஆண்டில் டாலர் 94-க்கும், ஐந்து ஆண்டில் 101-க்கும் வந்துவிடும். அதாவது எதிர்பார்த்தது அப்படியே நடந்தாலும் ஏற்றுமதியாளரின் பக்கம் ஆண்டுக்கு ஆண்டு சிவப்பில் இறங்கிக்கொண்டே போகும். அவர் ஏமாற்றப்படவில்லை: 9.5 சதவீத ரூபாய் வட்டிக்குப் பதிலாக 6.3 சதவீத டாலர் வட்டி கொடுத்து இத்தனை ஆண்டு சேமித்ததைக் கடைசி நாளில் அசல் வடிவில் திருப்பித் தருகிறார். வட்டியை மட்டும் மாற்றிக்கொள்ளும் ஸ்வாப்பில் காலம் போகப் போக அபாயம் கரையும். அசலும் கைமாறும் ஸ்வாப்பில் கடைசி நாளை நோக்கி ஏறும். வங்கிகள் இதை நன்றாக அறிந்துதான் வரம்பு ஒதுக்குகின்றன. ஒப்பந்தம் செய்பவரும் அறிந்திருக்க வேண்டும்.

ஆலைக்காரருக்கு இது தலைகீழ். ரூபாய் வழக்கம்போலத் தேய்ந்தால் அவருடைய பக்கம் பச்சையில்தான் இருக்கும். ரூபாய் வலுத்தால் மட்டுமே ஈடு கேட்பார்கள்.

அடுத்தது, ஸ்வாப்புக்கு அடிப்படையாக நின்ற வரவு நின்றுபோவது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரத்தில் சாய்ந்த தென்னைகளை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. மரம் இல்லையென்றால் மட்டை இல்லை, மட்டை இல்லையென்றால் நார்க்கழிவு இல்லை, ஏற்றுமதி இல்லை, டாலர் இல்லை. புதுக்கன்று காய்க்கப் பல ஆண்டு ஆகும். கடனாக இருந்தால் இயற்கைச் சீற்றத்துக்குப் பின் தவணையை மாற்றியமைக்க வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலே உண்டு. ஸ்வாப்பில் அப்படி ஒரு கதவு எளிதில் திறக்காது. டாலர் வரவு நின்ற பின்னும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 31,500 டாலரைச் சந்தையில் வாங்கிக் கட்ட வேண்டும். கடைசியில் பத்து லட்சத்தையும். அதுவரை காப்பாக இருந்த ஒப்பந்தம் அன்றிலிருந்து வெறும் டாலர் கடன் ஆகிவிடும்.

ஆலைக்காரர் பக்கத்திலும் சில முட்கள் உண்டு. சிங்கப்பூருக்குப் போகும் வட்டியில் இங்கே பிடிக்க வேண்டிய வரியை யார் ஏற்பது? கடன் ஒப்பந்தம் அதை ஆலையின் தலையில் வைத்திருந்தால், வட்டிக்குத் தேவைப்படும் டாலர் 60,000-க்கு மேலே போகும். ஸ்வாப் 60,000-ஐ மட்டுமே காக்கும். உறவினர் இடையில் பணத்தைத் திருப்பிக் கேட்டால் கடன் முடிந்துவிடும், ஸ்வாப் முடியாது. அதை அன்றைய மதிப்பில் தீர்க்க வேண்டும். தவணை முறையும் பொருந்த வேண்டும். ஏற்றுமதியாளரின் வங்கி அசலைக் காலாண்டுத் தவணையாகக் கேட்டால், கடைசியில் ஒரே தொகையாக அசல் திரும்பும் ஸ்வாப் அவருக்குக் காலைவிடப் பெரிய செருப்பு.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2007, 2008-இல் கொங்குப் பக்கத்து ஏற்றுமதியாளர்கள் பலர் ‘வட்டி மிச்சம்’ என்று கேட்டு, தங்களுக்கு வரவே வராத சுவிஸ் ஃபிராங்கிலும் யென்னிலும் கட்டிய ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு சர்க்கரை ஆலை சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அந்த ஒப்பந்தம் சூதாட்டம், ஆகவே செல்லாது என்ற வாதத்தை நீதிமன்றம் 2008 அக்டோபரில் ஏற்கவில்லை. நாம் பேசும் ஸ்வாப் அந்த வகை அல்ல. ஆனால் வங்கி கொண்டுவரும் தாளில் உங்கள் கடன் பணமும் வரவுப் பணமும் தவிர மூன்றாவது நாணயம் ஒன்றின் பெயர் இருந்தாலோ, ‘இன்ன விலையைத் தொட்டால்’ என்று தொடங்கும் விதி இருந்தாலோ, பேனாவை மூடிவிடுங்கள்.

## நான்கையும் அருகருகே

| | நேர்க் கடன் | திறந்து விடுதல் | ஃபார்வர்டு | ஸ்வாப் |
|---|---|---|---|---|
| ஆலைக்குச் செலவு (ரூபாயில்) | 10.5% | 6%, அதோடு ரூபாயின் சரிவு | ஏறத்தாழ 9.6%, ஆண்டுதோறும் மாறும் | 9.8%, மாறாது |
| ஏற்றுமதிக்குச் செலவு | டாலரில் 7% | ரூபாயில் 9.5% | டாலரில் ஏறத்தாழ 6.1%, மாறும் | டாலரில் 6.3%, மாறாது |
| நடுவில் ரொக்கம் | இல்லை | இல்லை | ஆண்டுதோறும் வரலாம் | ஈடு கேட்கப்படலாம் |
| பாதியில் விலகல் | அபராதத்தோடு முடியும் | எளிது | ஆண்டு இறுதியில் எளிது | அன்றைய மதிப்பில் தீர்க்க வேண்டும் |

## யாருக்கு எது

ஆலைக்காரருக்கு ஸ்வாப் என்றேன், தயக்கம் இல்லாமல். அவருடைய வரவு நெல்லும் அரிசியும் சார்ந்தது, ரூபாயில் நிலையானது. அவருக்கு ஈடு கேட்கப்படும் சூழல் ரூபாய் வலுக்கும்போது மட்டுமே. வட்டி மிச்சத்தைவிட, ஐந்தாம் ஆண்டு எட்டரைக் கோடி என்று இன்றே தெரிவதுதான் அவருக்குப் பெரிது. உறவினரோடு செய்யும் கடன் ஒப்பந்தத்தில் ‘ஐந்து ஆண்டுக்கு முன் திருப்பிக் கேட்பதில்லை’ என்ற வரியை மட்டும் முதலில் எழுதி வாங்கச் சொன்னேன். சொந்தக்காரரிடம் அதைக் கேட்க அவருக்குக் கூச்சம். ஒரு வாரம் இழுத்தார்.

பேராவூரணிக்காரருக்கு அதே ஸ்வாப்பை நான் பரிந்துரைக்கவில்லை. ஆண்டுக்கு 7,000 டாலர் மிச்சத்துக்காக, எந்த நாளும் ஒரு கோடி ஈடு கேட்கப்படலாம் என்ற நிலையையும், புயல் அடித்தால் நெகிழாத ஒப்பந்தத்தையும் அவர் ஏற்க வேண்டும். 7 சதவீதத்துக்கு நேரான டாலர் கடனே அவருக்கு மேல். அவர் ஒரே ஒரு இடத்தில் நின்று வாதிட்டார்: நார்க்கழிவு வாங்கும் இரண்டு வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு மூன்றாண்டு ஒப்பந்தம் இருக்கிறது, மட்டையைப் பொள்ளாச்சியிலிருந்தும் வரவழைக்க முடியும் என்றார். அது நியாயம்தான். கடைசியில் ஐந்து லட்சம் டாலரை நேர்க் கடனாகவும், ஐந்து லட்சத்துக்கு மட்டும் மூன்றாண்டு ஸ்வாப்பும் என்று பேசிமுடித்தோம். ஈட்டு நிபந்தனை முப்பது லட்சத்தைத் தாண்டினால்தான் செயல்படும் என்று வங்கியிடம் பேரம் பேசி எழுதி வாங்கினோம்.

ஒருவர் பத்து லட்சம், மற்றவர் ஐந்து லட்சம், ஒருவர் ஐந்தாண்டு, மற்றவர் மூன்றாண்டு என்றால் எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். பொருந்த வேண்டியதில்லை. இடைவெளி வங்கியின் தலைவலி. மும்பையில் இருக்கும் அதன் கருவூலப் பிரிவு மீதியை வேறு இடத்தில் சரிக்கட்டிக்கொள்ளும். அதற்கும் சேர்த்துத்தான் அந்த 0.6.

ஆலையின் முதல் வரைவு ஒப்பந்தம் வந்தபோது வட்டி கைமாறும் நாள்களாக ஜனவரி 16-ம் ஜூலை 16-ம் போட்டிருந்தார்கள். ஜனவரி 16 திருவள்ளுவர் நாள், மறுநாள் உழவர் திருநாள். இங்கே கிளை பூட்டியிருக்கும், மும்பையில் திறந்திருக்கும், ஏறத்தாழ நாற்பத்தொன்றரை லட்சத்தை எடுக்க வேண்டிய கணக்கில் பணம் இல்லையென்றால் அன்றே தவறியதாகிவிடும். சிங்கப்பூர்க் கடனின் வட்டி நாளையும் சேர்த்து, இரண்டையும் பிப்ரவரி 10-க்கும் ஆகஸ்ட் 10-க்கும் மாற்றச் சொல்லி வரைவைத் திருப்பி அனுப்பினேன்.